மூன்று வீட்டுக்கும் ஒரே மார்க் வந்தால்

"திருநகரில் 62 லட்சம், நாகமலை புதுக்கோட்டையில் 54, ஒத்தக்கடையில் 48 என்று மூன்று பழைய தனி வீடுகள் பார்த்து வைத்திருக்கிறோம். எனக்கு கப்பலூரில் வேலை, மனைவிக்கு மாட்டுத்தாவணி பக்கம். மகள் பசுமலையில் ஆறாவது படிக்கிறாள். கையில் 17 லட்சம், மீதி லோன். பள்ளி, போக்குவரத்து, பணம் மூன்றுக்கும் பத்துக்கு இவ்வளவு என்று மார்க் போட்டால் 21, 22, 21 வருகிறது. எதை எடுப்பது?"
– வாசகர், பழங்காநத்தம், மதுரை

முதலில் பணத்தை மார்க் பட்டியலிலிருந்து வெளியே எடுங்கள். கைக்கு எட்டாத வீட்டுக்கு பள்ளியில் பத்து கொடுத்து என்ன பயன்? 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு, வங்கி வீட்டு மதிப்பில் 80 சதவீதம்தான் தரலாம். மீதி 20 உங்களுடையது. பத்திரச் செலவு முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9. இதற்கும் கைக்காசுதான். அதாவது விலையில் 29 சதவீதம் கையில் வேண்டும். 17 லட்சத்தை 29-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் சுமார் 58 லட்சத்து 60 ஆயிரம். அதுதான் உங்கள் உச்சவரம்பு. விலை இறங்காவிட்டால் திருநகர் வீட்டை இப்போதே பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள்.

இனி இரண்டு வீடு. எது முக்கியம் என்று யோசித்து மார்க் போட்டதால்தான் மூன்றும் ஒட்டி வந்தன. வீட்டுக்கு வீடு எதில் வித்தியாசம் அதிகம் என்று பார்க்க வேண்டும். உத்தேசமாக, நாகமலையிலிருந்து கப்பலூருக்கு நான்குவழிச் சாலையில் 25 நிமிடம், மாட்டுத்தாவணிக்கு 45. ஒத்தக்கடையிலிருந்து கப்பலூருக்கு 50, மாட்டுத்தாவணிக்கு 15. கூட்டினால் 70, 65. ஒருவருக்கு லாபம், இன்னொருவருக்கு நஷ்டம். குடும்பக் கணக்கில் ஐந்தே நிமிடம். வேலைக்குப் போகும் தூரம் பெரிய விஷயம்தான், ஆனாலும் இந்த இரண்டு வீட்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க அது உதவாது. நூற்றுக்குப் பத்து போதும்.

பள்ளி அப்படி இல்லை. பசுமலைக்கு நாகமலையிலிருந்து வேனில் அரை மணி. ஒத்தக்கடையிலிருந்து ஊரைக் குறுக்கே தாண்டி வர 70 நிமிடம் ஆகலாம், அதுவும் அந்தப் பக்கம் வேன் வந்தால். மகளுக்கு நாளொன்றுக்கு 80 நிமிட வித்தியாசம். வேன்காரரிடம் கட்டணத்தோடு உங்கள் நிறுத்தம் எத்தனையாவது என்றும் கேளுங்கள். முதலில் ஏறும் பிள்ளைக்குத்தான் ஊர் சுற்றல் அதிகம். என் நிமிடங்களையும் நம்ப வேண்டாம். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு வண்டியை எடுத்துப் போய்ப் பாருங்கள். வீடு காட்டுபவர்கள் ஞாயிறு மதியம் கூட்டிப்போய் 'இருபதே நிமிஷம் சார்' என்பார்கள்.

பணத்தில் மிஞ்சுவது கடன் வித்தியாசம்: நாகமலைக்கு 43.2, ஒத்தக்கடைக்கு 38.4, ஆக 4.8 லட்சம். எட்டரை சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் லட்சத்துக்கு மாதம் 868 ரூபாய், ஆக சுமார் 4,170. பள்ளிக்கு 55, பணத்துக்கு 35, தூரத்துக்கு 10 என்று எடை வைத்து, எதில் எந்த வீடு முந்துகிறதோ அதற்கே அந்த எடை முழுவதையும் கொடுத்தால் நாகமலை 55, ஒத்தக்கடை 45. பள்ளியின் எடை 50-க்குக் கீழே போனால் முடிவு தலைகீழாகும். ஆகவே வீட்டில் பேச வேண்டிய கேள்வி ஒன்றுதான்: மகளின் அந்த 80 நிமிடத்துக்கு மாதம் 4,170 கொடுக்கலாமா? இருவரும் தனித்தனியே எழுதி வைத்துவிட்டுப் பிறகு காட்டிக்கொள்ளுங்கள். ஒத்தக்கடை பக்கமே பள்ளி மாற்றத் தயார் என்றால் பள்ளியின் எடை விழுந்துவிடும், ஒத்தக்கடைதான்.

அந்த 29 சதவீதக் கணக்கு ஓர் இடத்தில் கவிழும். வங்கி பார்ப்பது நீங்கள் பேசிய விலையை இல்லை, அதன் மதிப்பீட்டாளர் போடும் மதிப்பை. பழைய கட்டடத்துக்கு தேய்மானம் கழிப்பார்கள். நாகமலை வீட்டுக்கு அவர் 50 என்று எழுதினால் கடன் 40 லட்சம்தான். கையிலிருந்து 14, பத்திரத்துக்கு 4.86, மொத்தம் 18.86. உங்களிடம் 17. இந்த வீடும் கைவிட்டுப் போகும். இதை முன்கூட்டித் தெரிந்துகொள்ள முடிகிறதா? வங்கி ஒப்பந்தத்தைக் கொண்டு வா என்கிறது. விற்பவர் அட்வான்ஸ் இல்லாமல் ஒப்பந்தம் போட மாட்டார். வாங்குபவன் கழுத்தில் கயிற்றைக் கட்டிவிட்டுத்தான் எல்லாரும் பேனாவைத் திறக்கிறார்கள்.

இந்த இடைவெளியில்தான் புரோக்கர் புகுந்து, 'கைடுலைன் மதிப்புக்குப் பத்திரம் போட்டுக்கலாம், மீதியை ரொக்கமா குடுத்துருங்க, செலவு மிச்சம்' என்பார். 54 லட்ச வீட்டை 40-க்குப் பதிந்தால் பத்திரச் செலவில் 1.26 லட்சம் மிச்சம், உண்மை. கடனும் 32 லட்சமாகச் சுருங்கும். 22 லட்சமும் பத்திரச் செலவு 3.6 லட்சமும் கையிலிருந்து போகும். அவருக்குக் கமிஷன் முழு விலைக்கும் வந்துவிடும்.

அட்வான்சைச் சிறிய தொகையாகக் கொடுங்கள். ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: 'வங்கிக் கடன் 43 லட்சத்துக்குக் குறைந்தால் முன்பணம் முழுவதும் 15 நாளில் திருப்பித் தரப்படும்.' அந்த வரிக்குச் சம்மதிக்காதவரிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.