அந்த முதல் மாதம் லீவு அல்ல

"திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லராக இருக்கிறேன். நாலு மாதம் சம்பளமில்லாத லீவு போட்டதாகக் கணக்குப் பார்த்து, 12,000 ரூபாய் வர வேண்டிய போனஸில் 8,000தான் கொடுத்தார்கள். மூன்று மாதம் பக்கவாதத்தில் விழுந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டேன். அதற்கு முந்தைய மாதம் மெஷின் கத்தியில் விரல் வெட்டுப்பட்டு வேலைக்குப் போகவில்லை. சூப்பர்வைசர் நம் வீட்டு ஆள் மாதிரி, 'இ.எஸ்.ஐ. எல்லாம் எதற்கு, லீவு என்று எழுதிக் கொடு' என்றார், கொடுத்தேன். பெற்றவளைப் பார்த்ததற்குத் தண்டனையா?"

— வாசகி, திருப்பூர்

அம்மாவோடு இருந்த மூன்று மாதத்துக்கு போனஸ் வராது. போனஸ் அந்தக் கணக்கு வருடத்தில் வாங்கிய சம்பளத்தின் மேல்தான் கணக்கிடப்படும், குறைந்தபட்சம் 8.33 சதவீதம். சம்பளம் இல்லாத மாதத்துக்கு அதன் பங்கும் இல்லை. ஆனால் அந்த மூவாயிரத்தைத் தண்டனை என்று சொல்லாதீர்கள். படுத்திருக்கும் அம்மா காதில் அது விழுந்தால் என்ன நினைப்பார்?

எனக்குக் கோபம் வருவது விரல் வெட்டுப்பட்ட மாதத்தில்தான். அதை ஏன் லீவு என்று எழுதிக் கொடுத்தீர்கள்? 1965-ஆம் ஆண்டு போனஸ் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, வேலையின்போது நேர்ந்த விபத்தால் வர முடியாத நாட்களை வேலை செய்த நாட்களாகவே எண்ணச் சொல்கிறது. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இதே விதி இருக்கிறது. சம்பளத்தோடு எடுக்கும் லீவும், சம்பளத்தோடு கூடிய பிரசவ லீவும் அப்படித்தான். அதனால் உங்கள் போனஸில் பிடித்த நாலாயிரத்தில் ஆயிரம் பிடித்திருக்கவே கூடாது.

போனது அந்த ஆயிரம் மட்டுமில்லை. இ.எஸ்.ஐ.யில் விபத்தைப் பதிந்திருந்தால், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் கிடைத்திருக்கும். ஒரு மாதச் சம்பளத்தில் பெரும்பகுதி அது. அம்மா விழுந்த நேரத்தில் கையில் இருந்திருக்க வேண்டிய பணம். 'வீட்டு ஆள்' சொன்னார் என்று அதை விட்டுவிட்டீர்கள். வீட்டு ஆள் என்றால் உங்கள் அம்மாவுக்கு ஒரு வேளை கஞ்சி கொடுத்திருக்க வேண்டும். விபத்துக் கணக்கில் ஒரு பெயர் குறைய வேண்டும் என்பதுதான் அவருடைய அக்கறை.

சரி, இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். தையல் போட்ட டாக்டரின் சீட்டு தேதியோடு இருக்கிறதா, தேடுங்கள். அன்று பக்கத்து மெஷினில் இருந்தவரிடம் பேசுங்கள். லீவு என்று எழுதியது விபத்து நாட்களுக்கு என்பதை விளக்கி, ஆயிரம் ரூபாயைக் கேட்டு நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள். நகலில் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுங்கள். தள்ளிப் போடாதீர்கள். அப்புறம், இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கும் ஒரு நடை போய் விவரம் சொல்லுங்கள்.

கடிதத்தில் சூப்பர்வைசர் எவ்வளவு நல்லவர் என்று எழுத வேண்டாம். விபத்து நடந்த தேதி, நேரம், மெஷின் எண், வெட்டுப்பட்ட விரல், இவற்றை எழுதுங்கள்.