பால் ஒத்துவரவில்லை: பாதாம் பாலா, சோயாப் பாலா, தயிரா?

கேள்வி: எனக்கு 47 வயது. சுத்த சைவம், முட்டையும் தொடுவதில்லை. ஒரு வருடமாகக் காலையில் பால்மா கரைத்து ஒரு பெரிய பேணி பால் குடித்தால், ஒரு மணித்தியாலத்துக்குள் வயிறு ஊதி இரைகிறது, வயிற்றோட்டமும் போகிறது. தயிர் சாப்பிட்டால் ஒன்றும் செய்வதில்லை. லக்டோஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்று வைத்தியர் சொன்னார். நீரிழிவும் எல்லையில் நிற்கிறதாம். கனடாவில் இருக்கிற அக்கா பாதாம் பால் குடி என்கிறா, மாமி ஆட்டுப்பால் குடி என்கிறா. பாதாம் பால் லீற்றர் 1,800 ரூபாய் சொல்கிறார்கள். பெட்டியில் வரும் சோயாப் பால் 180 மில்லி 150 ரூபாய். பால்மா 400 கிராம் 1,100 ரூபாய். நான் எதை வாங்குவது?
வாசகி, கோண்டாவில்

பதில்:

அன்புள்ள சகோதரி, பாதாம் பாலை முதலில் விட்டுவிடுங்கள். அக்கா நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பா. ஆனால் முட்டையும் சாப்பிடாத உங்களுக்கு அந்தப் பேணிப் பாலிலிருந்து கிடைத்த பெரிய பயன் புரதம். பாதாம் பாலில் அது இல்லை. கடையில் விற்கும் பாதாம் பாலில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் பாதாம், மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். 200 மில்லி தம்ளர் ஒன்றில் ஒரு கிராம் அளவுக்குத்தான் புரதம் தேறும். பசுப்பாலில் அதே தம்ளருக்கு 6 கிராமுக்கு மேல் இருக்கிறது. அந்த 6 கிராமைப் பாதாம் பாலில் எடுக்க வேண்டுமென்றால் ஆறு தம்ளர் குடிக்க வேண்டும். நீங்கள் சொன்ன விலைக்கு அது 2,160 ரூபாய்.

மாமியின் ஆட்டுப்பாலும் உங்களுக்குத் தீர்வல்ல. ஊரில் ஆட்டுப்பால் இலேசாகச் சீரணிக்கும் என்று சொல்வது வழக்கம். ஆனால் 100 மில்லி பசுப்பாலில் லக்டோஸ் 4.7 கிராம் அளவில் இருந்தால், ஆட்டுப்பாலில் 4.4 கிராம் அளவில் இருக்கும். உங்கள் வயிறு இரண்டையும் ஒரே மாதிரித்தான் எடுத்துக்கொள்ளும்.

சரி, எதைக் குடிப்பது? அதற்கு முன், உங்கள் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். லக்டோஸ் என்பது பாலில் இயற்கையாக இருக்கும் சீனி. சிறுகுடலில் சுரக்கும் லக்டேஸ் என்ற நொதியம்தான் அதை உடைக்கும். வயது ஏற ஏற எங்கள் மக்களில் பலருக்கு இந்த நொதியம் குறைந்துவிடும். உடைபடாத லக்டோஸ் பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள நுண்ணுயிர்களுக்குத் தீனியாகிறது. வாயு அதனால்தான் வருகிறது. கூடவே அது தண்ணீரையும் குடலுக்குள் இழுக்கும். வயிற்றோட்டத்துக்குக் காரணம் அதுதான்.

இது ஒவ்வாமை மாதிரி ஒரு துளியிலேயே வருகிற விஷயம் அல்ல. எவ்வளவு குடிக்கிறீர்கள், எப்போது குடிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. லக்டேஸ் குறைந்தவர்களில் பெரும்பாலானோர் ஒரு வேளைக்கு 12 கிராம் லக்டோஸ் வரை, அதுவும் சாப்பாட்டோடு சேர்த்து எடுத்தால், பெரிய தொல்லை இல்லாமல் தாங்குகிறார்கள். பால்மாவின் நிறையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம் லக்டோஸ்தான். பெரிய பேணிக்கு நீங்கள் 30 கிராம் மா போட்டிருந்தால் 11 கிராம் லக்டோஸ் ஒரேயடியாக, அதுவும் காலையில் வேறொன்றும் சாப்பிடாமல் உள்ளே போயிருக்கும். ஒரு கப் பால் தேத்தண்ணிக்குப் போடும் 10 கிராம் மாவில் 4 கிராம்கூட வராது. ஆகவே, இரண்டு வாரம் பாலை முழுதாக நிறுத்தி வயிறு அடங்கிய பிறகு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின்னால் ஒரு கப் பால் தேத்தண்ணி குடித்துப் பாருங்கள். இரண்டு மணித்தியாலம் ஒன்றும் செய்யாவிட்டால் அந்த அளவு உங்களுக்குப் பிரச்சினையில்லை. தேத்தண்ணியையே வாழ்நாள் முழுக்கத் துறக்கத் தேவையில்லை.

தயிர் உங்களுக்கு ஒத்துக்கொள்வது நல்ல செய்தி. பால் உறையும்போது நுண்ணுயிர்கள் லக்டோஸில் ஒரு பங்கைத் தின்றுவிடும். தயிரோடு வயிற்றுக்குள் போன பிறகும் அவற்றில் இருக்கும் நொதியம் மிச்சத்தில் கொஞ்சத்தை உடைக்கும். நன்றாகப் புளிக்கவிட்ட தயிரில் லக்டோஸ் இன்னும் குறைவு. ஆகவே வீட்டிலிருக்கும் பால்மாவைத் தூக்கி எறியாதீர்கள். 25 கிராம் மாவுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் என்று கரைத்துக் காய்ச்சி, விரல் வைத்தால் சுடாத இளஞ்சூட்டுக்கு வந்ததும் உறைமோர் விட்டு மூடிவையுங்கள். நீங்கள் சொன்ன விலையில் ஒரு தம்ளர் தயிருக்கு 69 ரூபாய் முடியும், புரதம் 6 கிராம் கிடைக்கும். ஒன்று கவனியுங்கள்: மோரைக் கொதிக்கவைத்துக் குழம்பு வைத்தால் அந்த நொதியத்தின் உதவி போய்விடும். சோற்றோடு பச்சையாகச் சாப்பிடுவதுதான் உங்களுக்கு நல்லது. தயிரில் பாணி விட்டுச் சாப்பிடும் பழக்கம் இருந்தால் நீரிழிவுக்காக அதையும் விட வேண்டும். கடையில் கப்பில் வரும் யோகட்டில் பெரும்பாலும் சீனி சேர்த்திருப்பார்கள்.

தாவரப் பால்களில் புரதத்தில் பசுப்பாலுக்குப் பக்கத்தில் நிற்பது சோயா. ஓட்ஸ் பாலில் மாப்பொருளை நொதியத்தால் உடைத்து மால்டோஸ் என்ற சீனியாக்குகிறார்கள். ‘சீனி சேர்க்கவில்லை’ என்று எழுதியிருந்தாலும் அது இனிப்பது அதனால்தான். எல்லையில் நிற்கிற உங்களுக்கு அது வேண்டாம். தேங்காய்ப்பாலைக் குடிக்கக்கூடிய அளவுக்குத் தண்ணியாக்கினால் புரதம் ஒரு கிராமும் மிஞ்சாது, தடிப்பாக எடுத்தால் கொழுப்புக் கூடிவிடும். சொதியோடு அது நிற்கட்டும்.

பெட்டிச் சோயாவில் சிக்கல் சீனி. பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 100 மில்லிக்குப் புரதம் 2.5 கிராம், சீனி 8 கிராம் என்று இருந்தால், ஒரு பெட்டியில் புரதம் 4.5 கிராம்தான், சீனியோ 14 கிராமுக்கு மேல். ஏறக்குறைய மூன்று தேக்கரண்டி. இலங்கையில் பானங்களில் போடும் நிற வட்டத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 100 மில்லிக்கு 11 கிராமைத் தாண்டினால்தான் சிவப்பு. 2 கிராமுக்கு மேல் அதுவரைக்கும் செம்மஞ்சள். 3 கிராம் உள்ளதும் 10 கிராம் உள்ளதும் ஒரே நிறத்தில் நிற்கும். இலக்கத்தைத்தான் வாசிக்க வேண்டும்.

நான் உங்களுக்குச் சொல்வது வீட்டில் எடுக்கும் சோயாப் பால். சோயா அவரை கிலோ 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 100 கிராமுக்கு 60 ரூபாய். அதில் நாலு தம்ளர் பால் எடுக்கலாம். தம்ளருக்கு 15 ரூபாயும் அடுப்புச் செலவும். புரதம் 5 முதல் 6 கிராம், நீங்கள் போடாவிட்டால் சீனி இல்லையென்றே சொல்லலாம், லக்டோஸ் அறவே இல்லை.

எடுக்கும் விதத்தில்தான் பலர் பிழைவிடுகிறார்கள். 100 கிராம் அவரையை இரவில் ஊறப்போடுங்கள். எங்கள் வெக்கைக்கு ஒரே தண்ணீரில் கிடந்தால் புளித்துவிடும், படுக்கப்போகும் முன் ஒருதரம் தண்ணீரை மாற்றுங்கள். காலையில் ஊறிய தண்ணீரை ஊற்றிவிட வேண்டும். வாயுவை உண்டாக்கும் சில சீனிகள் அதில் கரைந்து போகும். உங்கள் வயிற்றுக்கு இது முக்கியம். கையால் பிசைந்தால் தோல் கழன்று மிதக்கும், அதையும் எடுத்துவிட்டு, சுடுதண்ணீர் விட்டு அரையுங்கள். பச்சைத் தண்ணீரில் அரைத்தால் அந்தப் பச்சை அவரை மணம் எழும்பி, குடிக்கவே மனம் வராது. எல்லாமாக 900 மில்லி தண்ணீர் போதும். பழைய வேட்டித் துண்டில் வடித்துப் பிழியுங்கள். சக்கையை ரொட்டி மாவோடு குழைக்கலாம்.

இனி காய்ச்சும் இடம். சோயாப் பால் கொதிக்க முன்னமே நுரைத்துப் பொங்கி எழும்பும். கொதித்துவிட்டது என்று நினைத்து அடுப்பை நிறுத்திவிடுவார்கள். அது கொதியல்ல, வெறும் நுரை. நெருப்பைக் குறைத்து, அடிப்பிடிக்காமல் துழாவிக்கொண்டு, உண்மையாகக் கொதிக்கத் தொடங்கிய பிறகு இன்னும் 15 நிமிடம் விட வேண்டும். புரதச் சீரணத்தைத் தடுக்கும் பொருளொன்று பச்சைச் சோயாவில் இருக்கிறது, அது வேகாவிட்டால் குமட்டலும் வயிற்றோட்டமும் வரும். அப்போது நீங்கள் ‘இதுவும் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நினைத்துக் கைவிட்டுவிடுவீர்கள். நன்றாக வெந்த பாலில் பச்சை மணம் போய், ஒரு மெல்லிய ஆடை கட்டும். ஆறவைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு நாள் வரை வைக்கலாம். கரண்ட் அடிக்கடி நிற்கும் நாட்களில் அன்றன்றைக்கு அளவாக எடுங்கள்.

சரியாகக் காய்ச்சிய பாலிலும் வாயு வந்தால், அரைத் தம்ளரில் தொடங்கி ஒரு வாரத்தில் கூட்டுங்கள். தேத்தண்ணியில் சோயாப் பால் திரைவது சாதாரணம், அது பழுதானதால் அல்ல. சாயம் கடுப்பாகவும் கொதிக்கக் கொதிக்கவும் இருந்தால் திரையும். சூடாக்கிய பாலை முதலில் கப்பில் விட்டு, கொஞ்சம் ஆறிய, கடுப்புக் குறைந்த சாயத்தை மெல்ல அதன்மேல் ஊற்றுங்கள்.

கல்சியத்தில் மட்டும் இந்தப் பால் குறைவு, பசுப்பாலில் இருப்பதில் கால்வாசிதான். உங்கள் வயதில் எலும்பைக் கவனிக்க வேண்டும் என்பதால் தினமும் ஒரு தம்ளர் தயிரை விடாதீர்கள். குரக்கனும் முருங்கையிலையும் வீட்டுக்கு வரட்டும். கல்சியம் மாத்திரை வேண்டுமா என்று அடுத்த தடவை வைத்தியரைக் கேளுங்கள். அதற்கிடையில் மலத்தில் இரத்தம், காரணமில்லாத மெலிவு, இரவில் எழுப்பும் வயிற்றோட்டம் ஏதாவது தெரிந்தால் அது லக்டோஸ் வேலையல்ல, தாமதிக்காமல் போய்க் காட்டுங்கள். பால் குடித்ததும் உதடு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ அது பால் ஒவ்வாமை. அப்படியானால் தயிரும் பால் தேத்தண்ணியும் உங்களுக்கு ஆகாது.