போஸ்டரில் கண் எந்த வழியாகப் போகிறது? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஆய்வு மாநாட்டில் வைக்கும் போஸ்டருக்கு எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

அச்சாகும் அளவில் தலைப்பு 90 பாயிண்ட், உள்தலைப்பு 45, உரை 30. பட விளக்கம் 24 வரை இறங்கலாம், அதற்குக் கீழே எதுவும் வேண்டாம். ‘அச்சாகும் அளவில்’ என்பதைக் கவனியுங்கள். ஏ2 அளவில் வடிவமைத்து ஏ0-வாக அச்சடித்தால் எல்லா எழுத்தும் இரண்டு மடங்காகிவிடும்.

வேலை முடிந்ததும் ஏ4 தாளில் ஒரு பிரதி எடுத்துக் கையில் பிடித்துப் படித்துப் பாருங்கள். ஏ0-வின் 24 பாயிண்ட் அதில் 6 பாயிண்டாக இருக்கும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று போஸ்டரைப் பார்ப்பவருக்கும் ஏறக்குறைய அதே அளவுதான் தெரியும். கையில் படிக்க முடியாதது அரங்கிலும் படிக்க முடியாது.

மாநாட்டுக்கு அனுப்பிய 250 சொல் ஆய்வுச் சுருக்கத்தை போஸ்டரின் முதல் நெடுக்குப் பத்தியில் அப்படியே ஒட்டலாமா?

மாநாட்டு விதி கட்டாயப்படுத்தினால் ஒட்டுங்கள், இல்லையென்றால் வேண்டாம். முதல் பத்தியின் மேல்பகுதிதான் எல்லோர் கண்ணும் முதலில் விழும் இடம். அங்கே சுருக்கம், அதன் கீழே அதையே சொல்லும் அறிமுகம், கடைசியில் அதையே மறுபடி சொல்லும் முடிவு என்று வைத்தால் படங்களுக்கு இடம் எங்கே? கட்டாயம் என்றாலும் சொல் எண்ணிக்கைக்கு விதி இல்லாவிட்டால் ஐந்தாறு வரியாகக் குறைத்துவிடலாம். என்ன கேள்வி, என்ன செய்தீர்கள், முக்கியமான ஒரு முடிவு என்ன, இவ்வளவு போதும். அப்புறம் அறிமுகத்தில் அதே விஷயம் திரும்ப வராமல் வெட்டிவிடுங்கள்.

என் போஸ்டர் கிடைமட்ட ஏ0, மூன்று பத்தி, பத்திக்கு இரண்டு பெட்டி. பார்க்க வந்தவர்கள் அறிமுகத்தைப் படித்துவிட்டு நேராக முதல் படத்துக்குப் போய்விட்டார்கள். பிறகு ‘மாதிரிகளை எப்படி எடுத்தீர்கள்?’ என்று என்னிடம் கேட்டார்கள். ஆய்வு முறை அறிமுகத்துக்குக் கீழேயே இருக்கிறது! அடுத்த முறை அம்புக்குறி போடலாமா?

வேண்டாம். இந்தக் கடிதம் ஏதாவது ஒரு வடிவத்தில் எனக்கு வந்துகொண்டே இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அம்புக்குறி தேவைப்படுகிற போஸ்டரில் அமைப்பிலேயே கோளாறு இருக்கிறது. நெருக்கமாக நிற்பவருக்கு அம்பு கண்ணில் படுவதும் இல்லை.

நீங்கள் அனுப்பிய படத்தில் ஆறு பெட்டிகளும் ஒரே அளவு. பக்கவாட்டிலும் மேல்கீழாகவும் இடைவெளி 2 செ.மீ. நீங்கள் மனத்தில் மூன்று பத்தி வைத்திருக்கிறீர்கள். பார்ப்பவருக்குத் தெரிவதோ இரண்டு வரிசை. மேலே இருக்கிற மூன்று பெட்டிகளின் கீழ் விளிம்பு ஒரே கோடாக போஸ்டரின் குறுக்கே ஓடுகிறது. இடமிருந்து வலமாகப் படித்துப் பழகிய கண் அந்தக் கோட்டைத் தாண்டிக் கீழே இறங்காமல் பக்கத்துப் பெட்டிக்குப் போய்விடுகிறது. கண் அருகருகே இருப்பதைத்தான் ஒரு கூட்டமாகச் சேர்க்கும். கீழே இருப்பதும் பக்கத்தில் இருப்பதும் ஒரே தூரம் என்றால் பழக்கம் ஜெயித்துவிடும்.

இரண்டு மாற்றம் செய்யுங்கள். முதலில் இடைவெளி. 119 செ.மீ. அகலத்தில் இரு ஓரமும் மும்மூன்று போனால் 113. பத்திகளுக்கு நடுவே 4 செ.மீ. விட்டால் ஒவ்வொரு பத்திக்கும் 35 கிடைக்கும். ஒரே பத்திக்குள் ஒரு பகுதிக்கும் அடுத்ததற்கும் ஒன்றரை செ.மீ. போதும். பெட்டிக் கோடுகளை எடுத்துவிடுங்கள். வெள்ளை இடமே பத்தியைப் பிரித்துக் காட்டும்.

அடுத்தது அந்தக் குறுக்குக் கோட்டை உடைப்பது. தலைப்பும் ஓரங்களும் போக உங்களுக்கு உயரம் சுமார் 65 செ.மீ. இருக்கும். அறிமுகத்தை 18-இல் முடித்து, மீதி முழுவதையும் ஆய்வு முறைக்குக் கொடுங்கள்; மாதிரி எடுத்ததிலிருந்து அளவீடு வரை ஒரு படிநிலைப் படமாகவே போடலாம். நடுப் பத்தியில் முதல் படத்துக்கு 40, இரண்டாவது படத்துக்கு மீதி. மூன்றாவது பத்தியில் மூன்றாவது படத்துக்கு 28, அதன் கீழே முடிவு, கடைசியில் சிறியதாக மேற்கோள்கள். இப்போது 18, 40, 28 என்று மூன்று பத்தியிலும் வெவ்வேறு உயரத்தில் பகுதிகள் முடிகின்றன. கண் பிடித்துக்கொள்ளக் குறுக்குக் கோடு எதுவும் இல்லை, கீழேதான் இறங்கும்.

இன்னொரு இடத்திலும் வழி அறுபடும். இரண்டு பத்தி அகலத்துக்கு ஒரு பெரிய படத்தைக் கொண்டுவந்து நடு உயரத்தில் வைப்பார்கள். முதல் பத்தியைப் படித்து வருபவர் படத்தைத் தாண்டிக் கீழே போவதா, மேலே அடுத்த பத்திக்குப் போவதா என்று தெரியாமல் நிற்பார். அப்படிப் படம் அவசியம் என்றால் பத்திகளின் உச்சியில் வையுங்கள், அல்லது அடியில்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் ஏ4 பிரதியை உங்கள் துறையே தெரியாத ஒருவரிடம் கொடுத்து, படிக்கிற வரிசையில் விரலை ஓட்டச் சொல்லுங்கள். நீங்கள் வாய் திறக்கக் கூடாது. விரல் எங்கே தயங்குகிறதோ அங்கேதான் சரிசெய்ய வேண்டும்.

நடுவில் பெரிய எழுத்தில் ஒரே வாக்கியம் போடும் பாணி நல்லதா?

உளவியல் ஆய்வு மாணவராக இருந்த மைக் மாரிசன் 2019-இல் பரப்பிய பாணியைச் சொல்கிறீர்கள். உங்கள் முடிவை ஒரே எளிய வாக்கியத்தில் சொல்ல முடியும் என்றால் நல்லது. மூன்று முடிவுகளை ‘மேலும்’, ‘ஆனால்’ போட்டு ஒட்டவைத்தால் பலன் இல்லை. பக்கப் பத்திகள் குறுகலாகிவிடுவதால் அங்கே 24 பாயிண்டுக்குக் கீழே போகும் ஆசை வரும். போகாதீர்கள்.

கோப்பு இணைத்துள்ளேன். நாளை மறுநாள் அச்சு. எல்லாம் சரியா?

போஸ்டரை மாட்டும் பலகையின் அளவு என்ன? செங்குத்தா, கிடைமட்டமா? இரண்டையும் எழுதாமல் ‘சரியா’ என்று கேட்டால் நான் என்ன சொல்வது? மாநாட்டு அறிவிப்பில் இருக்கும், முதலில் அதைப் படியுங்கள்.

கோப்பு செங்குத்து ஏ0-வாக இருக்கிறது, அதை வைத்துச் சொல்கிறேன். மூன்று பத்தி போட்டதால் ஒவ்வொன்றும் 23 செ.மீ. ஆகி, வரைபடங்கள் நசுங்கியிருக்கின்றன. இரண்டு பத்தியாக்கினால் 37 கிடைக்கும். முடிவைக் கடைசியில், அதாவது பார்ப்பவரின் முழங்கால் உயரத்தில் வைத்திருக்கிறீர்கள். குனிந்து படிக்க யாரும் வரமாட்டார்கள். அங்கே மேற்கோளும் நன்றியும் போகட்டும். முடிவை வலப் பத்தியில் மேலேற்றுங்கள்.

திரையில் தெளிவாக இருந்த படம் அச்சில் மங்கிவிட்டது. ஏன்?

திரைப்பிடிப்பை ஒட்டியிருக்கிறீர்கள். 1000 பிக்சல் அகலப் படத்தை 35 செ.மீ.க்கு இழுத்தால் அங்குலத்துக்குச் சுமார் 70 பிக்சல்தான் வரும். 150 வேண்டும், அதாவது 2000 பிக்சலுக்கு மேல். புகைப்படத்துக்குத்தான் இந்தக் கணக்கு. வரைபடத்தை எஸ்விஜி அல்லது பிடிஎஃப் ஆக எடுத்தால் எவ்வளவு இழுத்தாலும் மங்காது.

மங்காவிட்டாலும் எழுத்து சிறுத்துப்போகலாம். கட்டுரைக்காக 17 செ.மீ.யில் வரைந்த படத்தில் எக்ஸ், ஒய் அச்சுகளின் பெயர்கள் 8 பாயிண்ட் என்றால், 35-க்கு இழுத்த பிறகும் 16-தான். 24 வேண்டும் என்று மேலே சொன்னேன். இழுக்காமல் புதிதாக 35 செ.மீ. அகலத்திலேயே வரையுங்கள். குறிவிளக்கப் பெட்டியை விட்டுவிட்டு ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் அதன் பெயரை எழுதுங்கள்.

க்யூஆர் குறியீடு எங்கே, எவ்வளவு பெரிது?

கண் மட்டத்தில், 8 செ.மீ. சதுரம், சுற்றிலும் வெள்ளை ஓரம். அச்சான போஸ்டரில் உங்கள் கைபேசியால் ஒரு தரம் எடுத்துப் பார்த்த பிறகு சுருட்டுங்கள்.