கடல் பாசி முதலிலா, கடல்கோள் முதலிலா?

கேள்வி: திருகோணமலைக் கரையோர மீனவர் புழங்கும் கடற்சொற்களைச் சிற்றகராதியாகத் தொகுக்கிறோம். நாலு பேர் தட்டச்சு செய்ததில் ஒருவர் இடைவெளி விட்டிருக்கிறார், ஒருவர் சிறுகோடு போட்டிருக்கிறார், ஒருவர் சேர்த்தே எழுதியிருக்கிறார். எக்செலில் அகரவரிசைப்படுத்தினால் குழம்புகிறது. எந்த முறையைப் பின்பற்றுவது?

பதில்: எழுத்துவாரி முறையைப் பின்பற்றுங்கள். அதாவது இடைவெளியும் சிறுகோடும் இல்லை என்றே வைத்துக்கொண்டு, எழுத்துகளை மட்டும் ஒப்பிட்டு அடுக்குவது. மற்றது சொல்வாரி முறை: முதற்சொல் முடிந்த இடத்தில் நின்று, அதே முதற்சொல்லைக் கொண்ட தொடர்களையெல்லாம் முடித்த பிறகே நீண்ட சொற்களுக்குப் போவது. சிறுகோட்டையும் அதில் இடைவெளியாகவே கொள்வது வழக்கம்.

உங்கள் சொற்களிலேயே பார்ப்போம். சொல்வாரியில் வரும் வரிசை: கடல், கடல்-குதிரை, கடல் பாசி, கடல்கோள், கடல்நுரை. எழுத்துவாரியில்: கடல், கடல்-குதிரை, கடல்கோள், கடல்நுரை, கடல் பாசி. இடம் மாறியது கடல் பாசி மட்டும்தான். ஆனால் அதையே இன்னொருவர் ‘கடல்பாசி’ என்று சேர்த்து எழுதியிருந்தால், சொல்வாரியில் அது கடல்நுரைக்குப் பின்னால் போய்விடும். ஒரே சொல் எழுதியவர் கைக்கேற்ப இடம் மாறுவது அகராதிக்கு ஆகாது. தமிழில் எங்கே பிரிப்பது, எங்கே சேர்ப்பது என்பதில் எல்லோரும் ஒத்துப்போவதில்லை. ஆகவே இடைவெளியை நம்பி வரிசை அமைப்பது சரிவராது.

எக்செல் தரும் வரிசை இந்த இரண்டிலும் சேராது. அது இடைவெளியைக் கணக்கில் எடுக்கும், சிறுகோட்டைப் புறக்கணிக்கும். அதனால்தான் கடல் பாசி, கடல்-குதிரைக்கு முன்னால் வந்து நிற்கிறது. இந்தத் தலைகீழைக் கண்டால் காரணம் இதுதான் என்று அறியலாம். இதற்குத் தலைச்சொல்லைத் திருத்த வேண்டாம். தலைச்சொற்கள் A நிரலில் இருக்கட்டும். பக்கத்தில் B நிரலை வரிசைக்கென்றே ஒதுக்கி, இந்தச் சூத்திரத்தை இடுங்கள்:

```
=SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(A2," ",""),"-",""),UNICHAR(160),"")
```

கடைசியில் உள்ள 160, வேர்டிலிருந்தோ இணையப் பக்கத்திலிருந்தோ ஒட்டும்போது கூடவே வரும் பிரியா இடைவெளி. கண்ணுக்குச் சாதாரண இடைவெளி போலவே தெரியும், வரிசையை மட்டும் கெடுக்கும். சிறுகோடு நீண்ட கோடாக மாறியிருந்தால் `UNICHAR(8211)` என்பதையும் அதேபோல நீக்குங்கள். பிறகு முழு அட்டவணையையும் தெரிவுசெய்து B நிரலின்படி வரிசைப்படுத்தி, A நிரலை அச்சுக்குக் கொடுங்கள். ‘கடல்-குதிரை’யும் ‘கடல் குதிரை’யும் தனித்தனிப் பதிவுகளாக இருந்தால், B-இல் இரண்டும் ஒன்றாகி அடுத்தடுத்து வரும். இரட்டைப் பதிவுகளை அங்கேயே பிடித்துவிடலாம்.

இனித்தான் தமிழுக்கே உரிய சிக்கல். இடைவெளியை நீக்குவதால் சந்தி சேர்ந்துவிடாது. ‘மரக் கறி’யில் இடைவெளியை எடுத்தால் ‘மரக்கறி’ ஆகிவிடும், சரி. ஆனால் ‘கடல் அட்டை’, ‘கடல்அட்டை’ ஆகுமே ஒழியக் ‘கடலட்டை’ ஆகாது. அகராதி மரபில் ஒற்று உயிர்மெய்க்கு முந்தியது. உயிரெழுத்து மெய்க்கு முந்தியது. எனவே ‘கடல் அட்டை’ கடலுக்கு அடுத்தபடியாகவே வரும். ‘கடலட்டை’யோ கடல் பாசியையும் தாண்டிப் போய் விழும். நடுவில் ஒரு பக்கச் சொற்கள் கிடக்கலாம். இதைச் சூத்திரத்தால் தீர்க்க முடியாது, ஆள்தான் தீர்மானிக்க வேண்டும். புணர்ந்த வடிவம் பேச்சிலும் எழுத்திலும் நிலைத்திருந்தால் அதையே தலைச்சொல்லாக்கி, மற்ற இடத்தில் ‘கடல் அட்டை: காண்க கடலட்டை’ என்று ஒரு வரி போடுங்கள். ‘கடல் கரை’ என்று யாரும் எழுதியிருந்தால் அதற்கும் இதே வழி. பொருளைக் கடற்கரையின் கீழ் எழுதுங்கள்.

B நிரலை அமைத்த பிறகும் ஒரு சோதனை வேண்டும். கடல், கடலை, கடற்கரை மூன்றையும் வரிசைப்படுத்திப் பாருங்கள். இதே ஒழுங்கில் வர வேண்டும். கடற்கரை முதலில் வந்து, கடலைக்குப் பிறகு கடல் வந்தால், உங்கள் மென்பொருள் தமிழ் நெடுங்கணக்கைப் பார்க்காமல் ஒருங்குறி எண்களைப் பார்த்து அடுக்குகிறது. ஒருங்குறியில் ற, ல-வுக்கு முன்னால் இருக்கிறது. புள்ளி எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருக்கிறது. அப்படியானால் லிப்ரெஆபிஸ் கால்க்கில் கோப்பைத் திறந்து, `Data > Sort` சாளரத்தின் `Options` பகுதியில் மொழியைத் தமிழாக்கி வரிசைப்படுத்தி, அதே மூன்று சொற்களால் மறுபடி சோதியுங்கள்.

பின்னிணைப்பில் இடப்பெயர்ப் பட்டியல் போடுவதாக இருந்தால் அதற்கு மட்டும் சொல்வாரி பொருந்தும். மூதூர் என்று தொடங்குவன எல்லாம் ஒரே இடத்தில் கிடைப்பது தேடுகிறவருக்கு வசதி. இடப்பெயர்களை எழுதும் முறையும் பெரும்பாலும் நிலைத்தது. அதற்கான B நிரலில் சிறுகோட்டை இடைவெளியாக மாற்றினால் போதும்: `=SUBSTITUTE(A2,"-"," ")`. இரு பகுதிகளிலும் வரிசை வேறு என்பதை, அந்தந்தப் பகுதியின் தலைப்பின் கீழேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.