பாட்டி உருகுறாங்க, தோழி கேட்கவே இல்ல

"பாட்டிக்கு வாய்ஸ் நோட் அனுப்பினா உருகுறாங்க. பல வருஷமா பேசாத காலேஜ் தோழிக்கு 'எப்படி இருக்க'ன்னு அனுப்பினேன், கேட்கவே இல்ல. டைப் பண்ணியிருக்கணுமோ?"

ஆமாம், தோழிக்கு முதல் வணக்கம் டைப் பண்ணியே போகணும். வாய்ஸ் நோட் அடுத்தது.

வாட்ஸ்அப் நோட்டிஃபிகேஷன்ல எழுத்துன்னா என்ன விஷயம்னு தெரிஞ்சிடும். வாய்ஸ் நோட்டுக்கு மைக் படமும் நேரமும்தான் தெரியும். ரொம்ப நாள் கழிச்சு வர்ற 1:40 நிமிஷ வாய்ஸ் நோட், கடன் கேட்கவா, துக்கச் செய்தியா, சும்மாவான்னு புரியாது. பஸ்லயோ ஆபீஸ்லயோ இருந்தா ஹெட்செட்டும் தேடணும். ராத்திரி கேட்கலாம்னு தள்ளி, அப்படியே மறந்துபோகும். பாட்டிக்கு இந்தச் சிக்கலே இல்ல. படிக்கக் கண்ணாடி தேட வேண்டாம், உங்க குரலும் பழகின குரல்.

நீங்க அனுப்பின வாய்ஸ் நோட்ல மைக் நிறத்தைப் பாருங்க. டிக் நீலமாகி மைக் மட்டும் நீலமாகலைன்னா, சாட்டைத் திறந்தாங்க, வாய்ஸ் நோட்டைக் கேட்கலை.

இப்போ அதுக்குக் கீழேயே, "சும்மா நலம் விசாரிச்சேன், அவசரமில்ல, நேரம் கிடைச்சா கேளு"ன்னு ஒரு வரி போடுங்க. அடுத்த முறை அரை நிமிஷத்துக்குள்ள முடிங்க. பேரைச் சொல்லி ஆரம்பிங்க.

ஒண்ணு மட்டும்: மைக் நீலமாகியும் பதில் வரலைன்னா காரணம் வாய்ஸ் நோட் இல்ல. இன்னொண்ணு அனுப்பாதீங்க.