என் அம்மாவின் போனில் மேலே சிக்னல் பக்கத்தில் ரிசீவர் படமும் அதிலிருந்து ஒரு அம்புக்குறியும் வந்து நிற்கிறது, போகவே மாட்டேங்குது. அது என்ன ஐகான்?

அது கால் ஃபார்வர்டிங் ஐகான். உங்கள் அம்மாவுக்கு வருகிற அழைப்புகள் மொத்தமும் வேறொரு எண்ணுக்குத் திருப்பி விடப்பட்டிருக்கின்றன என்று அர்த்தம். அவரே வைத்திருந்தால் ஒன்றும் இல்லை. வைத்திருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன், அதனால்தானே நீங்கள் இங்கே வந்து கேட்கிறீர்கள்.

முதலில் அதுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ரிசீவரிலிருந்து அம்பு நேராக வலப்பக்கம் வெளியே போனால் இதுதான். அம்பு மடங்கித் திரும்பியிருந்தால் அது மிஸ்டு கால். ரிசீவருக்குப் பக்கத்தில் வைஃபையின் விசிறிக் கோடுகள் இருந்தால் வைஃபை காலிங், அதில் பயம் இல்லை. சந்தேகமாக இருந்தால் திரையை மேலிருந்து இழுத்துப் பாருங்கள். பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் Call forwarding என்றும் அதன் கீழே Forwarding all calls என்றும் எழுதியிருக்கும். மிஸ்டு கால் அறிவிப்பைத் தள்ளினால் போய்விடும். இது பல போன்களில் தள்ளினாலும் போகாது.

நான் மொபைல் மெக்கானிக் இல்லை, துறைமுகம் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன். "இதெல்லாம் தேடினாலே கிடைக்குமே" என்று கீழே யாராவது வருவார்கள், தெரியும். தேடினால் கிடைக்கிறது பாதி, மீதி பாதி எங்கள் பெரியம்மா வீட்டில் நடந்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பெரியம்மாவுக்குக் காசிமேட்டில் மீன் வியாபாரம். விடியற்காலையில் ஏலம் எடுத்து, சில மெஸ்களுக்கும் ஒரு பிரியாணிக் கடைக்கும் அனுப்புவார். ஆர்டர் எல்லாம் போனில்தான் வரும். திடீரென்று ஒரு நாள் யாருமே கூப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. மூன்றாவது நாள் மெஸ்காரர் நேரில் வந்து, "இன்னாம்மா, எத்தினி வாட்டி அடிக்கிறது, எடுக்கவே மாட்டேன்றியே" என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். பெரியம்மா போனோ இடுப்பிலேயே இருந்தது, ஒரு முறைகூட அடிக்கவில்லை. மிஸ்டு கால் பட்டியலிலும் எதுவும் இல்லை.

இதில் ஏமாற்றுகிற விஷயமே அதுதான். இவர் யாரைக் கூப்பிட்டாலும் கால் போகும். நெட் வேலை செய்யும். எஸ்எம்எஸ் வரும், ஏனென்றால் ஃபார்வர்டிங் பேசும் அழைப்புகளை மட்டும்தான் திருப்பும். போன் முழு ஆரோக்கியமாக இருப்பது போலவே தெரியும். கூப்பிடுகிறவருக்கு ரிங் போகிற சத்தமும் கேட்கும், ஆனால் அடிப்பது வேறு யாரோ ஒருவரின் போன்.

வீட்டில் எல்லோரும் டவர் வேலை நடக்கிறது, அதனால்தான் என்றார்கள். பெரியம்மா மட்டும் விடாமல், "இந்தப் படம் இன்னாடா, மேலயே குந்திக்கினு கீது" என்று அந்த ஐகானைக் காட்டிக்கொண்டே இருந்தார். அவர் காட்டியதுதான் சரியான இடம், கேட்க ஆள் இல்லை. அண்ணன் போனை ஒரு ரிப்பேர் கடையில் கொடுத்தான். அவர்கள் "சாப்ட்வேர் போயிடுச்சு" என்று சொல்லிக் காசு வாங்கிக்கொண்டு, ஃபேக்டரி ரீசெட் அடித்துக் கொடுத்தார்கள். பேரன் பேத்தி போட்டோ எல்லாம் போனது. சிம்மைப் போட்டதும் அம்புக்குறி மட்டும் பழையபடி வந்து நின்றது.

வரத்தான் செய்யும். இந்த ஃபார்வர்டிங் போனுக்குள் இருக்கிற சங்கதி இல்லை. "இந்த எண்ணுக்கு வருகிறதை அந்த எண்ணுக்கு அனுப்பு" என்கிற குறிப்பு சிம் கம்பெனியின் எக்ஸ்சேஞ்சில் இருக்கிறது. அழைப்பு உங்கள் போனுக்கு வருவதற்கு முன்பே அங்கேயே திரும்பிவிடுகிறது, அதனால்தான் மிஸ்டு காலாகக்கூடப் பதிவாகாது. போனை அழித்தாலும் மாற்றினாலும் அந்தக் குறிப்பு அப்படியே இருக்கும். ஐகான் அதைக் காட்டும் ஒரு விளக்கு மட்டுமே.

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது செய்தது இவ்வளவுதான். பெரியம்மாவின் போனிலேயே டயல் பேடில் முதல் வரியை அடித்துக் கால் பட்டனைத் தட்டினேன்:

```
*#21#
##21#
```

முதலாவது, எல்லா அழைப்புகளும் எங்கே போகின்றன என்று கேட்கிறது. பதிலாக ஒரு பத்து இலக்க எண் வந்தது, வீட்டில் யாருக்கும் தெரியாத எண். அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு இரண்டாவதை அடித்தேன். அது ஃபார்வர்டிங்கை அழிக்கிறது. ஐகான் மறைந்தது. பக்கத்தில் நின்று என் போனிலிருந்து கூப்பிட்டேன், அடித்தது. இந்தக் கடைசிச் சோதனையை விட்டுவிடாதீர்கள். ஐகான் போய்விட்டது என்பதை மட்டும் நம்பக்கூடாது, அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு சிம் இருந்தால் ஒவ்வொரு சிம்மிலிருந்தும் தனித்தனியாக அடியுங்கள். எண்ணை அடித்தால் ஏதாவது பிழை காட்டுகிறது என்றால், போன் ஆப்பின் செட்டிங்ஸுக்குள் Call forwarding என்று இருக்கும், அதில் Always forward என்பதை அணையுங்கள். ஐபோனிலும் போன் செட்டிங்ஸில் அதே பெயரில் இருக்கிறது.

யூடியூபில் எல்லோரும் `##002#` அடியுங்கள் என்கிறார்கள். அது எல்லா வகை ஃபார்வர்டிங்கையும் மொத்தமாகத் துடைத்துவிடும். எங்கள் பக்கத்தில் கடலுக்குப் போகிறவர்கள் சிலர், சிக்னல் இல்லாத நேரத்தில் வருகிற கால் வீட்டுக்குப் போகட்டும் என்று வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். அதுவும் சேர்ந்து போகும். வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் தாராளமாக அடிக்கலாம். தெரியாவிட்டால் `##21#` போதும்.

சரி, எப்படி வந்தது? ஒரு வாரம் முன்னால் கொரியர் என்று ஒருவன் கூப்பிட்டிருக்கிறான். பார்சல் வந்திருக்கிறது, வழி தெரியவில்லை, டெலிவரி பையனுடைய லைன் கிடைக்க இந்த எண்ணை அடியுங்கள் என்று `*21*` போட்டு, ஒரு மொபைல் நம்பர் சொல்லி, கடைசியில் `#` அடிக்கச் சொல்லியிருக்கிறான். பெரியம்மா அடித்துவிட்டார். இதற்கு அவரைத் திட்டுகிறவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி. எங்கள் தெருவுக்கு என்றைக்காவது ஒரு கொரியர் போன் பண்ணாமல் வந்திருக்கிறதா? ஒரே வீட்டுக்குப் பழைய எண் ஒன்று, புதிய எண் ஒன்று. ஒரே பெயரில் தெரு ஒன்று, குறுக்குத் தெருக்கள் நாலு. மேப் கொண்டுபோய் விடுவது லாரி நிற்கிற இடத்தில். "மெயின் ரோட்டுக்கு வந்து வாங்கிக்கோங்க" என்பதுதான் எங்களுக்குக் கிடைக்கிற டெலிவரி. அண்ணா நகரில் வாசற்கதவைத் தட்டிக் கொடுக்கிற அதே ஆள், ராயபுரம் மேம்பாலம் தாண்டினால் தொலைந்துபோகிறான். வழி தெரியவில்லை என்று சொல்கிறவனை இங்கே யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், தினமும் நடக்கிறது. ஏமாற்றுகிறவனுக்கு இது நன்றாகத் தெரியும்.

அழைப்புகளைத் திருப்பி அவனுக்கு என்ன லாபம்? வாட்ஸ்அப்பை வேறு போனில் திறக்க ஆறு இலக்கக் குறியீடு வேண்டும். எஸ்எம்எஸ் வராவிட்டால் போன் காலில் சொல்லும்படி கேட்கலாம். அந்தக் கால்தான் அவன் போனுக்குப் போகிறது. பெரியம்மாவின் வாட்ஸ்அப் அப்படித்தான் போயிருந்தது. சொந்தக்காரர்களுக்கெல்லாம் "அவசரம், பணம் அனுப்பு" என்று அவர் பெயரில் செய்தி. நல்லவேளை, பெரியம்மாவுக்குத் தட்டச்சே தெரியாது, குரல் செய்தி மட்டும்தான் அனுப்புவார் என்பது குடும்பத்துக்கே தெரியும். யாரும் அனுப்பவில்லை.

அதனால் உங்கள் அம்மா போனில் ஃபார்வர்டிங்கை அழித்த கையோடு வாட்ஸ்அப்பைத் திறந்து பாருங்கள். வெளியே தள்ளியிருந்தால் அதே எண்ணை மீண்டும் பதிவு செய்து, எஸ்எம்எஸ்ஸில் வருகிற குறியீட்டைப் போடுங்கள். போட்ட நொடியில் மற்றவன் வெளியே போய்விடுவான். எங்களுக்கு அப்புறமும் ஒரு பின் கேட்டது, அவன் வைத்துவிட்டுப் போனது. அது தெரியாவிட்டால் 7 நாள் காத்திருக்கத்தான் வேண்டும், காத்திருந்தோம். ஆனால் அந்த 7 நாளும் அவனும் உள்ளே இல்லை. இப்போது இரு படிச் சரிபார்ப்புக்கு நாங்களே பின் போட்டிருக்கிறோம். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள்.

2024 ஏப்ரல் 15 முதல் `*401#` வழியான ஃபார்வர்டிங்கை நிறுத்தும்படி தொலைத்தொடர்புத் துறை சிம் கம்பெனிகளுக்கு உத்தரவு போட்டது, அப்புறம் எப்படி என்று கேட்பீர்கள். `*21*` வேறு. அது போன்களிலேயே காலம் காலமாக இருக்கிற பொதுவான குறியீடு, உலகின் பெரும்பாலான நெட்வொர்க்குகளில் ஒன்றுதான்.

இன்னொன்று. அந்த ஐகான் எல்லா அழைப்புகளையும் திருப்பினால்தான் வரும். எடுக்காவிட்டால் மட்டும், பிஸியாக இருந்தால் மட்டும், சிக்னல் இல்லாவிட்டால் மட்டும் என்று திருப்பியிருந்தால் வராது. அவற்றைப் பார்க்க முறையே `*#61#`, `*#67#`, `*#62#`. இதைச் சொல்லும்போதே அடுத்த வம்பும் வரும். "`*#62#` அடித்து ஒரு எண் வந்தால் உங்கள் போன் ஹேக்" என்று ஒரு வீடியோ வருஷா வருஷம் சுற்றுகிறது. சிக்னல் இல்லாத நேரத்துக் காலை வாய்ஸ்மெயிலுக்கோ மிஸ்டு கால் அலெர்ட்டுக்கோ சிம் கம்பெனியே தன் எண்ணுக்குத் திருப்பி வைத்திருப்பது உண்டு. அந்த எண்ணைக் கஸ்டமர் கேரில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். `*#21#`-க்குத் தெரியாத எண் வருவதுதான் விபரீதம்.

உங்கள் அம்மா போனில் எண் ஏதாவது வந்தால் அதை இங்கே கமெண்டில் போடாதீர்கள். முதலில் உங்கள் அப்பாவையும் தம்பியையும் கேளுங்கள், அவர்கள் எண்ணாகவே இருக்கலாம்.