குறுந்தொகை 40: வகுப்பு ஒலிப்பதிவைக் குறிப்பாக்குவது

கேள்வி: ஐயா, 'யாயும் ஞாயும்' வகுப்பை ஐம்பது நிமிடம் பதிவு செய்துள்ளேன். எங்கே தொடங்குவது?

பதில்: பதிவை ஓடவிடும் முன் நூலைத் திறந்து ஐந்து அடிகளையும் பார்த்து எழுதுங்கள். காதால் கேட்டு எழுதினால் 'ஞாய்' 'நாய்' ஆகும், 'நுந்தை' 'உந்தை' ஆகும். யாய் என் தாய், ஞாய் உன் தாய். ஓர் எழுத்துப் பிழைத்தால் பொருளே போய்விடும். எழுதியபின் சீர்களை எண்ணுங்கள். நான்காம் அடியில் 'செம்புலப் பெயனீர் போல' என மூன்று, மற்றவற்றில் நான்கு. நேரிசை ஆசிரியப்பா என்பதால் ஈற்றயலடி குறைகிறது. எண்ணிக்கை மாறினால் சொல் விடுபட்டிருக்கிறது.

பிறகு கேளுங்கள். ஒவ்வோர் அடியின் அருகிலும் அது விளக்கப்படும் நிமிடத்தைக் குறியுங்கள். ஆசிரியர் ஒரே அடிக்குப் பலமுறை திரும்புவார். அவற்றையெல்லாம் ஓரிடத்தில் சேருங்கள். முதல் மூன்று அடிகளும் உறவோ அறிமுகமோ இல்லை என்னும் வினாக்கள்; பின்னிரண்டு அடிகள் நெஞ்சங்கள் கலந்ததைச் சொல்கின்றன. இந்தத் திருப்பம் தனி வரியாக வரவேண்டும். தலைப்பில் திணை, கூற்று, துறை மூன்றையும் எழுதுங்கள். பிரிந்துவிடுவானோ என்று தலைவி அஞ்சுவதைக் கண்டு தலைவன் சொன்னது இது. துறையை விட்டால் இது தேற்றும் பேச்சு என்பது தெரியாது.

கேள்வி: குறிஞ்சித் திணை என்பதால் உள்ளுறை உவமம் என்று எழுதிவிட்டேன். சரிதானே?

பதில்: திணை சரி, அணி தவறு. 'போல' என்னும் உருபு வெளிப்படையாக நிற்கிறது. ஒப்பிடப்படும் நெஞ்சமும் அடுத்த அடியிலேயே வருகிறது. உள்ளுறையில் இவ்விரண்டும் இராது; எனவே இது உவமை அணி. முதல் இரண்டு அடிகளில் 'யா', 'எ' எழுத்துகள் முதல், மூன்றாம் சீர்களில் ஒன்றுவதால் பொழிப்பு மோனை. அணிக்கும் தொடைக்கும் இவை போதும்.

கேள்வி: கேட்டதை அப்படியே எழுதிவிட்டு, பிறகு சுருக்கினால் ஆகாதா?

பதில்: நூலைப் பார்க்காமல் எழுதினால் ஆகாது. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு. திருக்குறளுக்கும் இப்படித்தானா?

பதில்: குறள் இரண்டே அடி, நிமிடக் குறிப்பு வேண்டாம். ஆனால் பாடநூலைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

கேள்வி: எங்கள் ஆசிரியர் செம்புலத்தைப் பண்பட்ட நிலம் என்றார். நான் செம்மண் என்று எழுதினேனே?

பதில்: உ.வே.சா. உரை செம்மண் நிலம் என்றே கொள்கிறது. 'செம்' செம்மையையும் குறிக்கும் என்பதால் உங்கள் ஆசிரியர் சொன்னதைத் தள்ள மாட்டேன். ஆனால் நிறம் ஏறி ஒன்றாவதுதான் உவமையின் உயிர். பண்பட்ட நிலம் என்றால் அது மங்கிவிடும். இரண்டையும் எழுதி, எது உரை, எது வகுப்பில் கேட்டது என்று குறியுங்கள்.

கேள்வி: நான் விவசாயி. எங்கள் செம்மண் குட்டையில் சில நாளில் நீர் தெளிந்து மண் அடியில் தங்கிவிடும். அப்படியானால் பிரியாத அன்புக்கு இந்த உவமை பொருந்துமா?

பதில்: வகுப்பில் எழுப்ப வேண்டிய கேள்வி இது. பெயல் நீர் என்பதால் பெய்யும் பொழுதைத்தான் புலவர் பிடித்தார் என்று நான் கொள்கிறேன். தேங்கிய நீர் அவர் கண்ணில் இல்லை. ஆனால் பிரிவுக்கு அஞ்சுகிற தலைவியிடம் சொல்லும்போது நீங்கள் சொன்ன அந்தத் தெளிவு உறுத்தத்தான் செய்கிறது.